குசினி மூடும் ஒழுங்கு

இரவில் குசினியை மூடும் ஒழுங்கை எழுதித் தரும்படி முதலாளி என்னிடம் கேட்டார். அந்தக் கடதாசியில் நான் எழுதப் போகும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் என் கணவர் படுத்திருப்பார் என்பது அவருக்கு நினைவில் இருந்ததோ தெரியாது. எனக்கு அது மட்டும்தான் நினைவில் இருந்தது.

வாவிக் கரையோரம் உள்ள அந்தச் சாப்பாட்டுக் கடையில் குசினிப் பொறுப்பு என்னுடையது. அதே கடைக்கு என் கணவர் இராக் காவல். தோணியும் வலையுமாய் இருந்தவர் முழங்கால் விட்டுப்போனதும் கரையேறினார். நாங்கள் மூடிவிட்டுப் போன பிறகு அவர் களஞ்சிய அறையில் பாய் விரித்துப் படுப்பார். அந்த அறைக்கும் குசினிக்கும் நடுவில் ஒரு வாசல் நிலை உண்டு, கதவு கிடையாது. நிலைக்குக் குசினிப் பக்கத்து மூலையில்தான் பெரிய காஸ் சிலிண்டர்கள் நிற்கும். அவர் தலை வைக்கும் இடத்திலிருந்து எட்டிக் கையை நீட்டினால் சிலிண்டரில் படும்.

"அக்கா, இன்சூரன்ஸ்காரன் கேக்கிறான். குசினிய ராவையில எப்பிடி மூடுற எண்டு எழுத்தில வேணுமாம். அடுப்பு, காஸ், எண்ணெய், கரண்டு எல்லாம். நீங்கதானே மூடுறீங்க, நீங்கதான் எழுதணும்" என்றார் முதலாளி.

"தம்பி, நான் ஓஎல்லும் பாஸ் பண்ணாதவள். என்னப் போய் எழுதச் சொல்றீங்களே."

"பாஸ் பண்ணினவன் வந்து குசினி மூடுவானா? எழுதுங்க. எங்கட தீயணைப்பு ஐயாவக் கொண்டு பார்வையிட வைக்கிறன்."

தீயணைப்பு ஐயா என்று அவர் சொன்னது, நகரத் தீயணைப்புப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்ற ஒருவரை. முதலாளிக்குத் தூரத்துச் சொந்தம்.

மறுநாள் காலை வீட்டில், சுவாமிப் படத்தடியில் விளக்கேற்றி, திருநீறு பூசிக்கொண்டு கொப்பியைத் திறந்தேன். பிள்ளையார் சுழி போட்டேன். அதற்குக் கீழே ஒன்றும் வரவில்லை. கை பழகிப்போன வேலை வாய்க்கு வராது போலிருக்கிறது. வருடக் கணக்காக மூடிய குசினிதான். ஆனால் முதலில் எதைச் செய்கிறேன், பிறகு எதைச் செய்கிறேன் என்று யோசித்தபோது ஒரு நாளைப் போல மறுநாள் மூடியதில்லை என்பது தெரிந்தது. களைத்த இரவுகளில் அடுப்புக் குமிழை மட்டும் முறுக்கிவிட்டு வந்திருக்கிறோம். சிலிண்டர் வால்வு இறுகிக் கிடக்கும், காலையில் திறக்கப் பாடு என்று கடையில் கொத்து ரொட்டி போடும் தம்பி அதை அப்படியே விடுவார். அதற்குப் பக்கத்தில்தான் இந்த மனிதர் குறட்டை விட்டிருக்கிறார். அந்த நினைப்போடு எழுதப் பேனை ஓடவில்லை.

காவல் முடிந்து வந்த கணவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன புள்ள, பிள்ளையாரோட நிண்டுபோச்சு? ஆக்கத் தெரியும், அவிக்கத் தெரியும், அணைக்கத் தெரியாதா?"

"பகிடி விடாதீங்க. உங்களுக்குத்தான் எழுதறன்."

"எனக்கா? அப்ப இதையும் எழுது. காவலாளிக்கு மீன் பொரியல் ஒண்டு மூடி வைக்கணும்."

அவர் அப்படிப் பேசப் பேச எனக்குப் பயம் குறையவில்லை, ஏறியது.

இரண்டு மூன்று நாளில் ஒருவாறு எழுதி முடித்தேன். எண்ணெய்ச் சட்டியின் அடுப்பை முதலில் அணைக்க வேண்டும். சூட்டோடு எண்ணெயைத் தூக்கவோ ஊற்றவோ கூடாது. இரும்பு மூடியால் மூடி, ஆற விட்டு, காலையில்தான் வடிக்க வேண்டும். மிஞ்சிய சோற்றை அண்டாவோடு வைக்காமல் அகலத் தட்டில் பரப்பி ஆற்றி, நேரம் கடத்தாமல் பிரிட்ஜில் வைக்க வேண்டும். பச்சை இறைச்சியும் மீனும் கீழ்த்தட்டில், சமைத்தது மேல்தட்டில். எண்ணெய் பிடித்த துணிகளைச் சூட்டோடு குவித்துப் போடக் கூடாது. கரிச் சாம்பலைத் தண்ணீர் ஊற்றி நூர்த்து, மூடி உள்ள தகர வாளியில் வெளியே வைக்க வேண்டும். கடைசி வரி இப்படி இருந்தது: காஸ் மணம் இருக்கிறதா என்று காவலாளி மணந்து பார்த்துவிட்டுப் படுக்க வேண்டும்.

அந்த வரியை எழுதியபோது மனதுக்குக் கொஞ்சம் ஆறுதல். அவருடைய உயிரை அவருடைய மூக்கிலேயே ஒப்படைத்தது போல இருந்தது.

தீயணைப்பு ஐயா ஒரு பின்னேரம் வந்தார். மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து, இரவுச் சமையல் தொடங்காத நேரம். கொப்பியை நின்றபடியே வாசித்தார். நல்ல மனிதர், பிழை பிடிக்க வந்தவர் போல் இல்லை.

"பிள்ள வடிவா எழுதியிருக்கிறீங்க. இப்ப எழுதினதை வாசிக்காமல் எனக்குச் செய்து காட்டுங்க. ராவையில மூடுற மாதிரியே."

செய்து காட்டினேன். அடுப்புகளை அணைப்பது போலவும், மூடிகளைப் போடுவது போலவும் நடந்து, கடைசியில் என் கை தானாகச் சாம்பிராணித் தட்டுக்குப் போனது. அதை நான் எழுதியிருக்கவில்லை. எழுத வேண்டிய வேலை என்று தோன்றவுமில்லை. கடை திறந்த நாளிலிருந்து உள்ள வழக்கம் அது: அடுப்பெல்லாம் அணைந்த பிறகு சிரட்டைத் தணலில் சாம்பிராணி போட்டு, குசினி முழுவதும் காட்டி, சிலிண்டர் மூலையிலும் களஞ்சிய நிலையிலும் ஒரு சுற்றுச் சுற்றி, அந்த மனிதரின் பாயடியில் தட்டை வைத்துவிட்டுப் போவேன். கண்ணூறு கழியட்டும், காவலுக்கு ஒரு காவல் இருக்கட்டும் என்று.

ஐயா தட்டைப் பார்த்தார். "இது எப்ப?"

"எல்லாம் அணைச்சாப் பிறகு, ஐயா. கடைசியா."

"மணந்து பாக்கிறது?"

"அதுக்குப் பிறகு. இவர்தான் பாப்பார்."

அவர் தட்டையும் சிலிண்டர் மூலையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பிள்ள, காஸுக்குச் சொந்தமா மணம் இல்ல. கசிஞ்சாத் தெரியட்டும் எண்டுதான் நாத்தத்தச் சேர்த்து அனுப்பிறாங்க. நீங்க அந்த நாத்தத்துக்கு மேல சாம்பிராணியப் போட்டா, ஆர் மூக்கில என்ன ஏறும்? அதோட, காஸ் காத்தவிடப் பாரம். மேல போகாது. நிலத்தோட ஊர்ந்து, பள்ளமான இடத்தில கிடக்கும். நீங்க தணலக் கொண்டுபோய் நிலத்தில வைக்கிறீங்க."

நிலத்தில், பாயடியில். நான் தட்டைக் கீழே வைக்கவும் பயந்து, கையில் பிடித்தபடியே நின்றேன். அதில் தணல் இல்லை, வெறும் சாம்பல்தான்.

அந்த நேரம்தான் காஸ் கொண்டு வருபவர் புதுச் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். அடுப்புகள் எல்லாம் மூடியிருக்கிறதா என்று ஐயா தானே பார்த்துவிட்டு, கதவையும் ஜன்னலையும் திறக்கச் சொன்னார். வந்தவர் வெறும் சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டரைக் கழற்றினார். புஸ் என்று ஒரு மூச்சு. எப்போதும் வருவதுதான். அழுகிய முட்டை போல ஒரு நாற்றம் பரவிப் போனது.

"அம்மாடி, ஆர்ரா செத்துக் கிடக்கிற?" என்று கொத்துத் தம்பி மூக்கைப் பொத்தினார். முதலாளி முகத்தைச் சுளித்தார். ஐயாவும் தலையைத் திருப்பினார்.

என் கணவர் அந்த மூலையில், எல்லாரையும்விடக் கிட்ட, பலகைக் கட்டையில் இருந்தபடி இறால் உரித்துக்கொண்டிருந்தார். அவருடைய கை நிற்கவில்லை. இன்னொரு இறாலை எடுத்து உரித்தார். பிறகு தலையை நிமிர்த்தி எங்கள் முகங்களைப் பார்த்தார். ஒவ்வொருவராகப் பார்த்தார். பார்த்துவிட்டுத்தான் தன் மூக்கைப் பொத்தினார்.

அதை நான் மட்டும்தான் கண்டேன்.

அன்று இரவு நான் அவரை விட்டுவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. தலையிடி என்று சொல்லி, மேசைகள் இருக்கும் பக்கத்தில் கதிரையிலேயே இருந்து விடியவிட்டேன். விடிந்ததும் இருவரும் பஸ் ஏறி அமிர்தகழியில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தோம். தேத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். பிறகு சுவாமித் தட்டிலிருந்த கற்பூரத்தை ஒரு கைக்குள்ளும், கல்லுப்பை மற்றக் கைக்குள்ளும் பொத்திக்கொண்டு அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

"இஞ்சேருங்க, எந்தக் கையில கற்பூரம்?"

"காலங்காத்தால என்ன விளையாட்டு?"

"சொல்லுங்க."

முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தார். உப்புக் கையைத் தொட்டார்.

நான் கையை விரித்தேன். அவர் உப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

"எப்ப தொட்டு?"

"அந்தப் பெரிய காய்ச்சல் வந்துதே. அதுக்குப் பிறகு ஒண்டும் இல்ல புள்ள. மீனும் இல்ல, மல்லிகையும் இல்ல. வரும் வரும் எண்டு பாத்தன்."

"எனக்கேன் சொல்லல்ல?"

"சொல்லி? நீ பயந்து சாவாய். முதலாளிக்குப் போனா, மணம் தெரியாத காவல்காரன் என்னத்துக்கு எண்டு கேப்பார். கால் போச்சு, தோணி போச்சு, இப்ப மூக்கும் போச்சு எண்டு ஆருக்கிட்டச் சொல்ல? உசிர் போறவரைக்கும் ஏதோ ஒரு வேலையில நிக்கணும் புள்ள. நீ உழைக்க நான் வீட்டில குந்தியிருக்க ஏலா."

நான் ஆக்கிய கறியை, உப்பும் புளியும் தவிர வேறொன்றும் அறியாமல், நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று சாப்பிட்டிருக்கிறார். அதுவல்ல என்னை உலுக்கியது. ஒவ்வொரு இரவும் அந்த மூலையில் நின்று மூச்சை இழுத்து, "ஒரு மணமும் இல்ல, நீ போ" என்று என்னை அனுப்பியிருக்கிறார். அவர் சொன்னது பொய்யே இல்லை. அவருக்கு ஒரு மணமும் இல்லைதான்.

மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போனேன். தீர்த்தக் கரையில் காலை நனைத்துக்கொண்டு இருந்தேன். சுவாமி, இவரைக் காப்பாற்று என்று கேட்பதற்கு வாய் வந்தது; ஆனால் கேட்கக் கூச்சமாக இருந்தது. கதவில்லாத நிலையடியில் ஒரு மனிதனைக் கிடத்திவிட்டு, காப்பாற்று என்று இன்னொருவரிடம் சொல்வது என்ன நியாயம்? சாம்பிராணியைக் குசினிக்குள் நிறுத்தினால் சுவாமி குறையாக நினைப்பாரோ என்ற பயம் வேறு. ஒரு தட்டுப் புகையை நிறுத்துவதற்கு இவ்வளவு பயப்படுகிறேனே என்று நினைத்தபோது, அந்தப் புகையில் பாதி பக்தியா, பாதி என் அச்சத்தை நானே மறைத்துக்கொண்டதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. கும்பிட்டுவிட்டு எழும்பி வந்தேன். பூசை மணி அடித்ததும் பஸ் நேரம் நினைவுக்கு வந்தது, அவ்வளவுதான்.

வீட்டில் கொப்பியைத் திருப்பி எடுத்து, மணந்து பார்க்கும் வரியை வெட்டினேன். மூக்கை நம்பாமல் கண்ணை நம்பும்படி எழுத வேண்டும் என்று ஐயாவிடம் போனில் கேட்டேன். காரணம் சொல்லவில்லை. அவர் பொறுமையாகச் சொன்னதை எழுதிக்கொண்டேன்.

அடுப்புக் குமிழ்கள் எல்லாம் மூடியதும், சிலிண்டர் வால்வு திறந்திருக்கும்போதே, ரெகுலேட்டர் மூட்டிலும் ஹோஸ் மூட்டிலும் சவர்க்கார நுரை பூசிப் பார்க்க வேண்டும். வால்வை மூடிய பிறகு பூசினால் ஒன்றும் தெரியாது. குமிழி ஊதினால் கசிவு. அடுப்பு மூட்டாமல், உடனே வால்வை மூடி, கதவு ஜன்னல் திறந்துவிட வேண்டும். குமிழி இல்லாவிட்டால் ஒரு அடுப்பை மூட்டி, எரியும்போதே சிலிண்டர் வால்வை மூட வேண்டும். ஹோஸுக்குள் இருக்கும் காஸ் எரிந்து தீர்ந்து நெருப்புத் தானாக நூர்ந்த பிறகே குமிழை மூட வேண்டும். நாற்றம் வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. புகை இழுக்கும் ஃபேனுக்கும் அதுதான் சட்டம். வெளியே போய் நின்றுதான் போன் எடுக்க வேண்டும்.

"பிரிட்ஜ்?" என்று கேட்டேன். "அது ராமுழுக்க ஓடுமே ஐயா."

"அதுதான் பிள்ள விசயம். அது தானா நிக்கும், தானா ஓடும். ஓடேக்க உள்ளுக்க ஒரு சின்னப் பொறி. நீங்க கை வைக்கத் தேவையே இல்ல."

போனை வைத்த பிறகு நெடுநேரம் அந்தச் சத்தமே என் காதில் இருந்தது. டக் என்று ஒரு சத்தம். பிறகு பிரிட்ஜ் முனகத் தொடங்கும். எத்தனை இரவு அவர் அதைத் தாலாட்டுப் போலக் கேட்டுத் தூங்கியிருப்பார்.

பிறகு நான் எழுதிய வரிதான் வீட்டில் சண்டையானது: காஸ் சிலிண்டர் இருக்கும் கூரைக்குக் கீழே இரவில் யாரும் நித்திரை கொள்ளக் கூடாது.

அவர் அதை வாசித்துவிட்டுக் கொப்பியை மேசையில் போட்டார்.

"ஆரும் எண்டா ஆர்? என்னத் தவிர அங்க ஆர் படுக்கிற?"

"உங்கட பேர எழுதல்லயே."

"எழுதினா என்ன, எழுதாட்டி என்ன. என்ட வேலைய உன்ட கையாலயே வெட்டிப்போட்டாய் புள்ள."

"வேல போனா இன்னொண்டு பாக்கலாம்."

"ஓம், நொண்டிக் காலையும் செத்த மூக்கையும் வச்சிக்கொண்டு அரசாங்கக் கச்சேரியில உத்தியோகம் பாப்பன்."

"நான் வெள்ளச் சீல உடுக்கத் தயாரில்ல" என்று கத்திவிட்டேன். வாயில் வரக் கூடாத சொல். சொன்னதும் சுவாமிப் படத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அவர் சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார்.

அன்று இரவும் நான் கடைக் கதிரையிலேயே இருந்து விடியவிட்டேன். மறுநாள் பின்னேரம் எல்லாரையும் வைத்துக்கொண்டு புது ஒழுங்கின்படி செய்து பார்ப்பதென்று முதலாளி சொல்லியிருந்தார். ஐயாவும் வந்தார். நான் வாசித்தபடி வர, கொத்துத் தம்பி செய்தார். அடுப்புக் குமிழ்கள் எல்லாம் மூடியாயிற்று. வால்வு திறந்திருந்தது.

"சவுக்காரம் ஆர் பூசுற?" என்றார் தம்பி.

"காவலுக்குப் படுக்கிறவர் பாக்கட்டும்" என்றார் முதலாளி. "அண்ணன், வாங்க. உங்கட தலைமாடுதானே."

என் கணவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குந்தினார். கிண்ணத்தில் அடித்து வைத்திருந்த நுரையைப் பஞ்சில் தொட்டு, ரெகுலேட்டர் சிலிண்டரில் இருக்கும் இடத்தில் பூசினார். ஒன்றுமில்லை. அடுத்து, ஹோஸ் ரெகுலேட்டரில் ஏறி கிளிப்பால் இறுக்கியிருக்கும் இடம். பூசினார். நுரை சும்மா இருந்தது. நான் அடுத்த வரியை வாசிக்க வாயெடுத்தேன்.

அப்போது கிளிப்புக்குக் கீழே ஒரு குமிழி எழும்பியது. சின்னது, கடுகளவு. அது மிளகாகிச் சுண்டங்காயாகி உடைந்தது. அந்த இடத்திலேயே இன்னொன்று எழும்பத் தொடங்கியது. மூச்சு விடுவது போல, அவசரமே இல்லாமல்.

ஒருவரும் அசையவில்லை.

"வால்வ மூடுங்க" என்றார் ஐயா. அவருடைய குரலில் அவசரம் இல்லை. அதுவே என்னைப் பயமுறுத்தியது. தம்பி எட்டி வால்வை முறுக்கி மூடினார். "ஒருத்தரும் சுவிட்ச் பக்கம் போகவேணாம். பின்கதவத் திறந்து விடுங்க."

கொத்துத் தம்பி குனிந்து ஹோஸ் மூட்டருகே முகத்தை வைத்துப் பார்த்தார். "கிட்டப் போனா லேசா மணக்குது. நிண்டா ஒண்டும் தெரியல்ல. சாம்பிராணியும் போட்டிருந்தா, கடவுளே..." என்று நிறுத்திவிட்டார். பிறகு என் கணவரைப் பார்த்து, பயத்தைச் சிரிப்பாக்கப் பார்த்து, "அத்தான், நீங்க இதுக்குப் பக்கத்திலதானே படுக்கிறீங்க, உங்களுக்குமா மணக்கல்ல?" என்றார்.

என் கணவர் இன்னும் குந்தியபடியே இருந்தார். குமிழி உடைந்த ஈரத்தை விரலால் தொட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருப்பேனோ என்றும் தெரியாது. அவர்தான் தலையை நிமிர்த்தி முதலாளியைப் பார்த்தார்.

"தம்பி, எனக்கு மணம் தெரியா. காய்ச்சலோட போனது. இது ராமுழுக்க ஊதினாலும் எனக்குத் தெரியா. காஸ் இருக்கிற இடத்தில ஆரும் படுக்கக் கூடாது எண்டு இவள் எழுதின வரி சரி."

முதலாளியின் கை சட்டைப் பையிலிருந்த திறப்புக் கோர்வைக்குப் போனது. முன் ஷட்டரை இரவில் வெளியிலிருந்து இழுத்துப் பூட்டிக்கொண்டு போவது அவர்தான். கள்ளர் பயத்தில் பின்கதவுக்கும் உள்ளே ஒரு பூட்டுப் போட்டு, அதன் திறப்பை என் கணவரின் தலையணைக்குக் கீழே வைக்கச் சொன்னவரும் அவர்தான். கோர்வையை எடுத்துப் பார்த்தார். மடியில் பாம்பு கிடந்ததைக் கண்டவர் முகம் அது.

"அண்ணன், நான் உங்கள உள்ள வச்சுப் பூட்டிப்போட்டு வீட்ட போய் நிம்மதியாத் தூங்கியிருக்கிறன்" என்றார்.

"தம்பி, நீங்க மட்டும் என்ன, நானும்தான் நிம்மதியாத் தூங்கினன்" என்றார் என் கணவர். கொத்துத் தம்பி சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, கண்ணீர்தான் வந்தது.

ஹோஸின் நுனி கிளிப்புக்கு உள்ளே வெடித்திருந்தது. அன்றைக்கே புது ஹோஸ் போட்டார்கள். சிலிண்டர்களை வெளியே பின்சுவரோடு கம்பிக் கூட்டுக்குள் வைத்து, குழாயால் உள்ளே கொண்டு வருவதென்று முடிவாயிற்று. அந்த வேலை செய்யத் தெரிந்த ஆளைப் பிடித்து முடிக்க நாளாகும் என்றார்கள். அதுவரைக்கும், அதற்குப் பிறகும்கூட, உள்ளே யாரும் படுப்பதில்லை. காவல் வேலை போகவில்லை. முன்பக்கம் றோட்டோரமாக, சாப்பாட்டுக் கூடத்தின் கூரையிலிருந்து தள்ளி, தகரம் வேய்ந்து ஒரு சின்னக் கொட்டில் போட்டுக் கொடுத்தார் முதலாளி. கட்டிலும் நுளம்பு வலையும் அவரே வாங்கி வந்தார்.

சாம்பிராணிக்கு முதலாளி முதலில் சம்மதிக்கவில்லை. "அக்கா, திறந்த நாளில இருந்து காட்டுற. நிப்பாட்டினா மனசு கேக்காது" என்றார்.

"எனக்கும் கேக்கல்ல தம்பி. நிப்பாட்ட வேணாம். பொழுதுபட விளக்கு வைக்கேக்க முன்வாசலில காட்டுவம். குசினிக்குள்ள வேணாம்" என்றேன். அவர் சரி என்றார். முதல் வெள்ளிக்கிழமை வாசலில் நின்று தட்டைச் சுற்றியபோது, காற்று புகையை வாவிப் பக்கம் இழுத்துக்கொண்டு போனது. குசினிக்குள் போகாத புகை சுவாமிக்குப் போய்ச் சேருமா என்று ஒரு பயம் நெஞ்சில் நின்றது. இப்போதும் முழுதாகப் போகவில்லை.

இப்போது அந்த ஒழுங்கு, பிளாஸ்டிக் உறை போட்டு, குசினிக் கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது. இன்சூரன்ஸ்காரர் வந்து படம் பிடித்துக்கொண்டு போனார். என் கையெழுத்தைப் பார்த்து எழுதியது யார் என்று கேட்டாராம். அதில் எனக்குப் பெருமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ஒவ்வொரு இரவும் அதன் முன்னால் நின்று, மனப்பாடமான வரிகளையே விரல் வைத்து வாசித்து மூடுகிறேன். தெரியும் என்று நினைத்துச் செய்த இரவுகளை நினைத்தால் நித்திரை வராது.

வீட்டுக்கு வந்து சேர்ந்ததும் போன் எடுப்பேன்.

"எங்க நிக்கிறீங்க?"

"எங்க நிக்கிறது? கொட்டிலுக்குள்ளதான்."

"உள்ளுக்குப் போகல்லயே?"

"ஐயோ புள்ள, திறப்பே என்னட்ட இல்ல. எப்பிடிப் போறது? நுளம்புதான் கடிக்குது. வலைக்குள்ள ஒண்டு பூந்திட்டுது."

அவர் சொல்வதை நான் நம்புவதில்லை என்றல்ல. ஆனாலும் போனை உடனே வைப்பதில்லை. அவர் நுளம்பு அடிக்கும் சத்தம் கேட்கும். பிறகு கல்முனைப் பக்கம் போகும் லொறி ஒன்று அவருக்குப் பக்கத்தால் இரைந்து போகும். அந்த இரைச்சல் முழுதாகக் காதில் விழுந்தால் அவர் வெளியேதான் இருக்கிறார்.

"என்ன புள்ள, பேசாமல் இருக்கிறாய்?"

"ஒண்டுமில்ல. இன்னொரு லொறி போகட்டும், வைக்கிறன்" என்பேன்.